48 ஸ்லைடுகளிலிருந்து ஆறு பக்கம்: ஒரு ஃபிளிப்டு வகுப்புக்கான முன்வாசிப்புத் தொகுப்பு உருவான விதம்

பின்னணி

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமூக மருத்துவத் துறை உதவிப் பேராசிரியை ஒருவர், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு ஸ்கிரீனிங் பரிசோதனைகள் பற்றி நான்கு வருடமாக ஒரே லெக்சரை எடுத்துவந்தார். நோய் உள்ளவர்களில் எத்தனை சதவீதம் பேரைப் பரிசோதனை பிடிக்கும் என்னும் சென்சிட்டிவிட்டி, நோய் இல்லாதவர்களில் எத்தனை சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் சொல்லும் என்னும் ஸ்பெசிஃபிசிட்டி, பாசிட்டிவ் வந்தவருக்கு உண்மையில் நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்னும் பிரிடிக்டிவ் வேல்யூ, இவைதான் பாடம். ஒரு மணி நேரம், 48 ஸ்லைடு, 100 மாணவர்கள். லெக்சர் நன்றாகவே போகும். தேர்வில் சூத்திரத்தைச் சரியாக எழுதிவிடுவார்கள். ஆனால் வார்டில் ஒரு நோயாளியின் ரிப்போர்ட்டைக் காட்டி, "இவருக்கு பாசிட்டிவ் வந்திருக்கு, நோய் இருக்க எவ்வளவு சான்ஸ்?" என்று கேட்டால் பரிசோதனைக் கிட்டின் சென்சிட்டிவிட்டியையே பதிலாகச் சொல்வார்கள்.

இது இந்தக் கல்லூரியின் குறை மட்டும் அல்ல. 1978-ல் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் 60 மருத்துவர்களிடமும் மாணவர்களிடமும் இதே மாதிரி ஒரு கேள்வி கேட்டார்கள். ஆயிரத்தில் ஒருவருக்கு உள்ள நோய், தவறாக பாசிட்டிவ் காட்டும் விகிதம் 5 சதவீதம். சரியான விடை ஏறத்தாழ 2 சதவீதம். அதைச் சொன்னவர்கள் 11 பேர். 95 சதவீதம் என்று சொன்னவர்களே அதிகம்.

எனவே கணக்கையும் விவாதத்தையும் வகுப்புக்குள் வைத்துக்கொண்டு, அடிப்படைகளை வீட்டிலேயே படித்துவரச் செய்யும் ஃபிளிப்டு வகுப்பாக இதை மாற்றலாம் என்று அவர் முடிவு செய்தார். நான் மருத்துவக் கல்விப் பிரிவில் இருப்பவன். முதல் முயற்சி சரியாகப் போகாத பிறகுதான் என்னிடம் வந்தார். அங்கிருந்து நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, தவறுகளிலும்தான்.

முதல் முயற்சி: ஸ்லைடுகளை அப்படியே அனுப்பியது

வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு 48 ஸ்லைடுகளையும் பிடிஎஃப் ஆக்கி, "படித்துவிட்டு வரவும்" என்ற ஒரு வரியோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார். வகுப்பில் யார் யார் படித்தீர்கள் என்று கேட்டதற்கு ஒரு டஜன் கைகள் எழுந்தன. அவர்களிடம் பேசியபோது, திறந்து பார்த்திருக்கிறார்கள், படிக்கவில்லை என்பது தெரிந்தது. பத்து நிமிடத்தில் அவர் பழையபடி லெக்சருக்கே திரும்பிவிட்டார்.

அந்தக் கோப்பை நான் என் போனில் திறந்து பார்த்தேன். நாலு கட்ட அட்டவணை ஒரே பக்கத்தில் குழம்பிக் கிடந்தது. வகுப்பில் ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு கட்டமாக விரிந்து, அதற்கேற்ப அம்புக்குறியும் விளக்கமும் வரும் ஸ்லைடு அது. பிடிஎஃப் ஆனதும் எல்லா அம்புகளும் எல்லா விளக்கங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிவிட்டன. அடுத்த ஸ்லைடில் "சென்சிட்டிவிட்டி = a/(a+c)" என்ற ஒரு வரி மட்டும். a என்பது யார், c என்பது யார் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. அதை அவர் வாயால் சொல்வார். 17-ஆம் ஸ்லைடில் ஒரு மீன்வலையின் படம், வேறு ஒரு சொல்லும் இல்லை. வகுப்பில் அவர் அந்தப் படத்துக்கு மூன்று நிமிடம் பேசுவார்: கண்ணி சின்னதாக இருந்தால் ஒரு மீனும் தப்பாது, ஆனால் கூடவே பாசியும் குப்பையும் வலையில் ஏறும். வீட்டில் பிடிஎஃப் பார்த்த மாணவர் ஒருவர், "மேடம், நடுவுல ஒரு வலை வருதே, தப்பா சேர்ந்துடுச்சா?" என்று குழுவில் கேட்டிருந்தார்.

பாடத்தில் முக்கால்வாசி அவருடைய பேச்சில் இருந்தது. மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது மீதிக் கால்வாசி. அவர்கள் படிக்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார்; படிக்கும்படியாக அதில் எதுவும் இல்லை என்று நான் சொன்னேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்லிவிட்டேன்.

பேச்சைப் பதிவு செய்து ஸ்லைடுகளைப் பிரித்தது

ஸ்லைடுகளுக்குப் பதிலாக, தனியாக உட்கார்ந்து படிக்கும்படியான ஒரு முன்வாசிப்புத் தொகுப்பை எழுத முடிவு செய்தோம். முதல் வேலையாக, ஆளில்லாத வகுப்பறையில் அந்த 48 ஸ்லைடுகளையும் வழக்கம்போல நடத்தச் சொல்லிப் போனில் பதிவு செய்தோம். 52 நிமிடம். பிறகு இருவரும் உட்கார்ந்து பதிவைக் கேட்டபடியே, ஒவ்வொரு ஸ்லைடுக்கும் அவர் என்ன சொன்னார் என்று எதிரில் எழுதினோம். அலுப்பான வேலைதான். ஆனால் தொகுப்பின் உரைநடை பெரும்பாலும் இதிலிருந்துதான் வந்தது. ஸ்லைடைப் பார்த்து வாக்கியம் எழுத உட்கார்ந்தால் பாடநூல் நடை வந்துவிடுகிறது. பேச்சிலிருந்து எழுதியபோது அவர் வகுப்பில் தரும் எடுத்துக்காட்டுகளும் எச்சரிக்கைகளும் தானாக வந்தன.

அதன் பிறகு ஸ்லைடுகளை மூன்றாகப் பிரித்தோம். தனியாக உட்கார்ந்து படித்தாலே புரிகிறவை 19. பக்கத்தில் ஆள் இருந்தால்தான் பலன் தருபவை 11. எந்த அளவைத் தாண்டினால் பாசிட்டிவ் என்று சொல்லும் கட் ஆஃப் எண்ணை ஏற்றி இறக்குவது, ஒரே கிட்டை இரண்டு இடங்களில் பயன்படுத்திப் பார்ப்பது போன்றவை. இவை வகுப்புக்குப் போயின. மீதி 18 ஸ்லைடுகளைக் கைவிட்டோம். தலைப்பு ஸ்லைடு, "நோக்கங்கள்", ஸ்கிரீனிங்கின் வரலாறு, ஒரே வரையறையின் மூன்று வடிவங்கள், கடைசி "நன்றி" எல்லாம் இதில் அடக்கம். வரலாற்று ஸ்லைடுகளை விட அவருக்கு மனம் வரவில்லை. தேர்வில் கேட்பார்களா என்று பார்த்தோம்; பாடநூலில் அதே பகுதி இருந்தது. பக்க எண்ணை மட்டும் கொடுத்துவிட்டோம்.

வரிசையை மாற்றிய காரணம்

ஸ்லைடுகள் வரையறை, சூத்திரம், எடுத்துக்காட்டு என்ற வரிசையில் இருந்தன. தொகுப்பில் இதைத் தலைகீழாக்கினோம்.

a, b, c, d என்ற எழுத்துகள்தான் இதற்குக் காரணம். மாணவர்கள் சூத்திரத்தைக் கட்டத்தின் இடத்தை வைத்து மனப்பாடம் செய்கிறார்கள்: மேல் இடது கட்டத்தை இடது பக்கக் கூட்டுத்தொகையால் வகுத்தால் சென்சிட்டிவிட்டி. நோய் உள்ளவர், இல்லாதவர் என்பது அட்டவணையின் மேல்புறத் தலைப்பாக இருக்கும்வரை இது செல்லும். யாராவது அதைப் பக்கவாட்டுக்கு மாற்றிப் போட்டால், அதே கையசைவில் அவர்கள் சென்சிட்டிவிட்டி என்று எழுதுவது உண்மையில் பிரிடிக்டிவ் வேல்யூவாக இருக்கும். இரண்டையும் வார்டில் குழப்புவதன் வேர் இங்கேயும் இருக்கிறது.

அதனால் தொகுப்பில் எழுத்துகளே இல்லை. ஆட்கள்தான். 10,000 பேர் உள்ள ஒரு ஊர், அதில் 100 பேருக்கு நோய். கிட் அந்த 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், 10 பேரை விட்டுவிடும். நோயில்லாத 9,900 பேரில் 95 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் சொல்லும். 495 பேருக்குத் தவறாக பாசிட்டிவ் சொல்லும். ஆக ஊரில் பாசிட்டிவ் வந்தவர்கள் 585 பேர், அவர்களில் நோயுள்ளவர்கள் 90 பேர், அதாவது நூற்றுக்குப் பதினைந்து. சதவீதங்களைத் தலைகளாக மாற்றிச் சொன்னால் இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும் என்பதைக் கெர்டு கிகெரென்சர் போன்ற ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். சென்சிட்டிவிட்டி என்ற பெயர் நாலு கட்டமும் நிரம்பிய பிறகு, மூன்றாம் பக்கத்தில்தான் வரும். சூத்திரம் அதற்கும் பிறகு.

நோயின் பெயரை வேண்டுமென்றே சொல்லவில்லை. முதல் வரைவில் காசநோய் என்று எழுதியிருந்தோம். படித்துப் பார்த்த ஹவுஸ் சர்ஜன் ஒருவர், எந்தப் பரிசோதனை, சளியா எக்ஸ்ரேயா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கேள்விகள்

இங்கேதான் என் தவறு. முதல் வரைவின் கடைசிப் பக்கத்தில் 15 கேள்விகள் போட்டேன். "சென்சிட்டிவிட்டி என்றால் என்ன?", "தவறான பாசிட்டிவ் என்பதை வரையறுக்கவும்" என்ற ரகம். இரண்டு ஹவுஸ் சர்ஜன்களிடம் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். இருவருமே நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனார்கள். ஒரு கேள்வியைப் படிப்பது, மேலே போய் அந்தச் சொல்லைத் தேடுவது, அந்த வாக்கியத்தை எடுத்து எழுதுவது. எல்லா விடைகளும் சரி. ஒருவரிடம் தொகுப்பை மூடச் சொல்லிவிட்டு, பாசிட்டிவ் வந்தவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கேட்டேன். "90, சார்" என்றார்.

15-ஐ ஐந்தாகக் குறைத்து, கடைசியில் வைக்காமல் உரையின் நடுவே, அந்தந்த இடத்தில் வைத்தோம்.

முதல் கேள்வி முதல் பக்கத்திலேயே, எதையும் படிப்பதற்கு முன்: கிட் நோயாளிகளில் 90 சதவீதம் பேரைக் கண்டுபிடிக்கும், ஒருவருக்கு பாசிட்டிவ் வந்திருக்கிறது, அவருக்கு நோய் இருக்க வாய்ப்பு எவ்வளவு? மனதில் தோன்றிய எண்ணை எழுதுங்கள், மதிப்பெண் கிடையாது. உண்மையில் இந்தத் தகவலை மட்டும் வைத்துக்கொண்டு விடை சொல்லவே முடியாது. ஆனால் 90 என்று தன் கையால் எழுதிய ஒருவர், மூன்றாம் பக்கத்தில் 15 என்று வரும்போது நின்று பார்ப்பார். அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

இரண்டாவது, 10,000 பேரின் அட்டவணையை நிரப்புவது. இரண்டு எண்கள் கொடுத்து, மீதியை அவர்களே போட வேண்டும். மூன்றாவது கேள்விக்குத் தமிழில் விடை கேட்டோம்: முகாமில் பாசிட்டிவ் வந்த ஒரு அம்மாவுக்கு நீங்கள் என்ன சொல்வீர்கள், மூன்று வாக்கியத்தில் எழுதுங்கள். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருப்பதால் ஆங்கிலத்தில் கேட்டால் தொகுப்பின் வாக்கியமே திரும்பி வரும். தமிழில் சொல்லும்போது புரியாமல் சொல்ல முடியாது. நான்காவது: இதே கிட்டை, வருகிறவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய் இருக்கும் ஒரு சிறப்பு கிளினிக்கில் பயன்படுத்தினால் எந்தெந்த எண்கள் மாறும், எந்தப் பக்கம் மாறும்? கணக்குப் போட வேண்டாம், ஊகித்தால் போதும். கணக்கு வகுப்புக்கு. ஐந்தாவது, எந்த இடத்தில் நின்றுவிட்டீர்கள், அந்த வரியை எழுதுங்கள். "சந்தேகம் உண்டா?" என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்றுதான் எழுதுவார்கள் என்பதால் அப்படிக் கேட்டோம்.

ஹவுஸ் சர்ஜன்களை வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 25 நிமிடத்தில் முடியும் என்று நாங்கள் நினைத்த முதல் வரைவுக்கு அவர்களுக்கு 70 நிமிடம் ஆனது. பாடம் ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கே 70. வெட்டி வெட்டி ஆறு பக்கத்துக்குக் கொண்டுவந்தோம், 35 நிமிடம். மாணவர்கள் போனில்தான் படிப்பார்கள் என்பதால் பக்கத்தை ஏ4-இல் பாதியாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி, அட்டவணையை மூன்று நெடுவரிசைக்கு மேல் போகாமல் வைத்தோம். வலையின் படம் இருக்கட்டும் என்று அவர் சொல்ல, கீழே இரண்டு வரி விளக்கத்தோடு அது நாலாம் பக்கத்தில் நின்றது.

வகுப்புக்கு முந்தைய இரவு

விடைகளை கூகுள் ஃபார்மில் அனுப்ப வேண்டும். இரவு 9 மணிக்கு ஃபார்ம் மூடப்படும். 71 பேர் அனுப்பியிருந்தார்கள். ஆசிரியை 40 நிமிடத்தில் எல்லாவற்றையும் படித்தார். திருத்தவில்லை, குவியல் பிரித்தார்.

முதல் கேள்விக்கு 52 பேர் 90 என்று எழுதியிருந்தார்கள், எதிர்பார்த்ததுதான். அட்டவணையை 63 பேர் சரியாக நிரப்பியிருந்தார்கள். எதிர்பாராதது நான்காவதில் வந்தது. கிளினிக்கில் பிரிடிக்டிவ் வேல்யூ கூடும் என்று பெரும்பாலோர் சரியாகவே சொல்லியிருந்தார்கள். ஆனால் 29 பேர் கூடவே சென்சிட்டிவிட்டியும் கூடும் என்று எழுதியிருந்தார்கள். நோயாளிகள் அதிகம், அதனால் அதிகம் பேரைப் பிடிக்கும் என்பது அவர்கள் கணக்கு. எண்ணிக்கைக்கும் விகிதத்துக்கும் உள்ள குழப்பம் இது. நான்கு வருட லெக்சரில் இது அவர் கண்ணில் பட்டதே இல்லை.

தமிழ் விடைகளைப் படிப்பது தனி அனுபவம். "உங்களுக்கு நோய் 15 சதவீதம் இருக்கிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். நோயே ஏதோ கால்படி இருப்பது போல. "இது முதல் சல்லடைதான்மா, இதுல நின்ன எல்லாருக்கும் நோய் இருக்காது, இன்னொரு டெஸ்ட் பார்த்துத்தான் சொல்ல முடியும்" என்று எழுதிய ஒரு மாணவியின் விடையை, பெயர் சொல்லாமல் வகுப்பில் காட்டலாம் என்று எடுத்துவைத்தார். எட்டு பேரின் விடைகள் எழுத்துப்பிழை உட்பட ஒன்றாக இருந்தன. அன்றைக்கு அதைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். சொன்னால் வகுப்பு விசாரணை மன்றமாகிவிடும்.

வகுப்பில் நடந்தது

நான் பின்வரிசையில் இருந்தேன். அவர் அந்த 29 பேரின் விடையிலிருந்து ஆரம்பித்தார். ஊர், கிளினிக் இரண்டுக்கும் 10,000 பேரை வைத்து, ஐந்தைந்து பேராகச் சேர்ந்து அட்டவணை போடச் சொன்னார். கிளினிக்கில் 2,000 நோயாளிகள், அதில் 1,800 பேருக்கு பாசிட்டிவ். நோயில்லாத 8,000 பேரில் 400 பேருக்குத் தவறான பாசிட்டிவ். 2,200-இல் 1,800 என்றால் நூற்றுக்கு 82. சென்சிட்டிவிட்டி இரண்டு இடத்திலும் அதே 90. "90 பேரு 1,800 ஆயிட்டாங்க, ஆனா விகிதம் நகரவே இல்ல" என்று ஒரு குழுவிலிருந்து குரல் வந்தது. அதைத்தான் அவர் எதிர்பார்த்திருந்தார்.

சிக்கல் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. படிக்காமல் வந்தவர்கள் குழுக்களில் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் அவர்களில் ஒருவர், "மேடம், இந்த டேபிள் எப்படி வந்துச்சு?" என்று கேட்க, ஆசிரியை பலகைக்குப் போய் ஆரம்பத்திலிருந்து விளக்க ஆரம்பித்துவிட்டார். நல்ல விளக்கம், 11 நிமிடம். இரண்டாவது நிமிடத்திலேயே படித்துவந்தவர்களில் பலர் நோட்டை மூடிவிட்டதைப் பார்த்தேன். எப்படியும் மேடம் நடத்திவிடுவார் என்றால் அடுத்த முறை யார் படிப்பார்கள்? அந்த 11 நிமிடத்தால் கட் ஆஃப் பற்றிய பயிற்சிக்கும் நேரமில்லாமல் போனது.

அடுத்த வாரம் அந்தப் பயிற்சிக்காக ஒரு மணி நேரம் கிடைத்தபோது ஒரே ஒரு மாற்றம் செய்தார். வாசலிலேயே தொகுப்பின் சில அச்சுப் பிரதிகளை வைத்து, படிக்காதவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து முதல் 15 நிமிடம் படிக்கட்டும், அதன் பிறகு குழுவில் சேரட்டும் என்றார். திட்டவில்லை, பெயர் குறிக்கவில்லை. முன்வரிசையில் வேலை உடனே ஆரம்பமானது. அன்று கட் ஆஃப் பயிற்சி முழுதாக நடந்தது: விரல் குத்தி எடுக்கும் சர்க்கரை அளவில் எல்லையை 140-லிருந்து 110-க்கு இறக்கினால் யார் புதிதாக வலையில் சிக்குவார்கள், யார் தப்ப மாட்டார்கள் என்று. வீடு வீடாகப் போய்ச் சர்க்கரை பார்க்கும் பணியைக் களப்பயிற்சியில் பார்த்திருந்தவர்கள், புதிதாகச் சிக்கும் அத்தனை பேரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினால் அங்கே வரிசை என்ன ஆகும் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எங்கள் திட்டத்தில் இல்லை.

விளைவு

மூன்று வாரம் கழித்து வந்த இன்டர்னல் தேர்வில், அட்டவணையைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு ஒரு கணக்கு வைத்தோம். தேர்வெழுதிய 96 பேரில் 61 பேர் சென்சிட்டிவிட்டியைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். தவறியவர்களில் பெரும்பாலோர், எதிர்பார்த்தபடியே, பிரிடிக்டிவ் வேல்யூவைச் சென்சிட்டிவிட்டி என்று எழுதியிருந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் இப்படிக் கேட்டதே இல்லை. ஆகவே முன்னேற்றம் என்று சொல்ல ஒப்பிட ஒன்றுமில்லை. மேலும் இந்த பேட்ச்சுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரம் கிடைத்தது. அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

செலவு: பதிவு, எழுத்து, ஒத்திகை எல்லாம் சேர்ந்து ஆசிரியைக்கு 11 மணி நேரம், எனக்கு ஐந்து. அடுத்த ஆண்டு திருத்தம் மட்டும்தான் என்றாலும், 40 லெக்சருக்கும் இதைச் செய்ய முடியாது. வகுப்பில் பேசினால் மட்டுமே தீரும் குழப்பம் எந்தப் பாடத்தில் இருக்கிறதோ அதற்கு மட்டும் செய்வதாக முடிவு.

அடுத்த முறை மாற்றப்போவது

எட்டு பேரின் ஒரே விடைக்கு: ரோல் எண் ஒற்றைப்படை என்றால் கிட்டின் ஸ்பெசிஃபிசிட்டி 95, இரட்டைப்படை என்றால் 98. விடையை அப்படியே எடுக்க முடியாது என்பது ஒருபுறம் இருக்க, வகுப்பில் இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிட்டால் ஒருவருக்கு நூற்றுக்கு 15, இன்னொருவருக்கு 31 என்று வரும். மூன்று புள்ளி வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்று அங்கிருந்தே வகுப்பை ஆரம்பிக்கலாம்.

கட் ஆஃப் பற்றிய பகுதி தொகுப்பில் அரைப் பக்கம் இருக்கிறது. அதை எடுத்துவிடப்போகிறோம். ஐந்தாவது கேள்விக்கு வந்த விடைகளில் அதிகம் பேர் நின்றுபோன இடம் அதுதான், வகுப்பில் ஐந்து நிமிடத்தில் தெளிந்ததும் அதுதான்.

விடை அனுப்பாத 29 பேரைச் சோம்பேறிகள் என்றே முதலில் நினைத்தோம். பிறகு போஸ்டிங் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், அவர்களில் 12 பேருக்கு அந்த வாரம் மாலையில் அவசர சிகிச்சைப் பிரிவில் போஸ்டிங். விடுதிக்குத் திரும்பவே ஒன்பது மணி தாண்டிவிடும், அதற்குள் ஃபார்ம் மூடியிருக்கும். தொகுப்பை மூன்று நாள் முன்பே கொடுத்து, ஃபார்மைக் காலை 6 மணி வரை திறந்து வைப்பதாக இப்போது திட்டம். அப்படிச் செய்தால் காலை 8 மணி வகுப்புக்குள் விடைகளைப் படித்து முடிக்க ஆசிரியைக்கு நேரம் இருக்காது. வகுப்பைப் பிற்பகலுக்கு மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார். புது டைம்டேபிள் இன்னும் வரவில்லை.